ஒன்பதாம் மாதமும் ஒன்பது மாதமும்

பிரெஞ்சிலிருந்து தமிழுக்குச் சில சிறுகதைகளையும் ஒரு குறுநாவலையும் மொழிபெயர்த்தவன் என்பதால், புதுச்சேரியில் எங்கள் தெருவில் பிரெஞ்சில் ஏதாவது காகிதம் வந்தால் அது என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். பெரும்பாலும் ஓய்வூதியக் கடிதங்கள், சில சமயம் பிறப்புச் சான்றுகள். 2024 செப்டம்பரில் இரண்டு வீடு தள்ளியிருக்கும் அம்மையார் ஒருவர் ஒரு தடித்த குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். அவருடைய கணவர் 'சொல்தா'. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை நாங்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். மகள் பாரிஸுக்கு அருகே வசிக்கிறாள். பதினெட்டு மாதப் பேத்தி ஓராண்டுக்குப் பாட்டியிடம் வளர வந்திருந்தாள். குறிப்பேட்டின் பெயர் 'கார்னே த சாந்தே', அதாவது உடல்நலக் குறிப்பேடு. பிரான்சில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று தருகிறார்கள். தடுப்பூசிப் பக்கங்களும் வளர்ச்சி வரைபடமும் அதில்தான் இருக்கும்.

"தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று எழுதிக் கொடுப்பா. தமிழ் நர்ஸம்மாவுக்கும் எனக்கும். இங்கிலீஷ் டாக்டருக்கு" என்றார். ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் மொழிபெயர்ப்பைப் பற்றி நான் வைத்திருந்த சில நம்பிக்கைகள் தலைகீழாகின. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

நம் இதழ்களில் மொழிபெயர்ப்பு பற்றிப் பேசும்போதெல்லாம் ஓர் அளவுகோலைத் திரும்பத் திரும்ப முன்வைக்கிறோம்: தமிழில் எழுதியதுபோலவே இருக்க வேண்டும். நானும் அதைச் சொல்லிவந்தவன்தான். இந்தக் குறிப்பேட்டில் அந்த அளவுகோல் முதல் பக்கத்திலேயே என்னைக் கவிழ்த்தது.

*

முதலில் வயது.

குழந்தையின் வயதைத் தமிழில் நாம் இரண்டு விதமாகச் சொல்கிறோம். 'ஒன்பது மாதம் ஆகிறது' என்றால் முடிந்த கணக்கு. 'ஒன்பதாம் மாதம் நடக்கிறது' என்றால் எட்டு முடிந்து ஒன்பது ஓடுகிறது என்று பொருள். பேச்சில் இவ்விரண்டையும் கலந்தே வழங்குகிறோம், கேட்பவர் குழந்தையைப் பார்த்துச் சரியாகப் புரிந்துகொள்கிறார். தாளில் எழுதியதும் அந்த உதவி போய்விடுகிறது. 'ஒன்பதாம் மாதம் அம்மை ஊசி' என்று எழுதினால் செவிக்கு இதமாகத்தான் இருக்கிறது. அதைப் படித்து எட்டு மாதம் மூன்று நாள் ஆன குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் தாயைத் தவறு என்று சொல்ல இயலாது. தவறு எழுதியவனுடையது.

இந்தியாவின் தேசிய அட்டவணை தட்டம்மை-ருபெல்லா ஊசியின் முதல் தவணையை ஒன்பது மாதம் முடிந்த பிறகு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருவில் இருக்கும்போது தாயின் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து சேர்கின்றன. பிறந்த பின் அவை மெல்லக் குறையும். அவை போதுமான அளவு உடம்பில் இருக்கும்போது, உயிருள்ள ஆனால் வலுக்குறைத்த கிருமியால் ஆன இந்த ஊசியைப் போட்டால், தாயின் எதிர்ப்புப் பொருள்களே அதை முடக்கிவிடக்கூடும். குழந்தையின் உடம்பு தானாக எதையும் கற்றுக்கொள்ளாது. நோய் பரவும் காலத்தில் ஆறு மாதத்திலிருந்தே போடுவதுண்டு என்றாலும், அதை முதல் தவணையாகக் கணக்கில் கொள்வதில்லை. பிறகு உரிய வயதில் மீண்டும் போட வேண்டும். ஆக, 'ஆம்' என்ற ஒரு விகுதி ஒரு முழு மாதத்தைத் தின்றுவிடுகிறது.

பிரெஞ்சிலும் இதே குழப்பம் உண்டு என்பதுதான் வேடிக்கை. 'இரண்டாம் ஆண்டில்' என்று அவர்கள் எழுதினால் பன்னிரண்டு மாதம் முடிந்து இருபத்துநான்கு முடிவதற்குள் என்று பொருள். நான் அதை முதலில் 'இரண்டு வயதில்' என்று எழுதிவைத்தேன். சரளமாக இருந்தது, ஆனால் ஓராண்டு தள்ளிப்போயிருந்தது. நாள் கணக்கிலும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரர் 'எட்டு நாள்' என்றால் ஒரு வாரம், 'பதினைந்து நாள்' என்றால் இரண்டு வாரம். தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணும் பழக்கம் அது. பிறந்த நாளை முதல் நாளாக வைத்து எண்ணும் நம் வீடுகளுக்கு அது அந்நியமில்லை. ஆனால் 'பதினைந்து நாள் கழித்து' என்பதை எண் மாறாமல் பெயர்த்தால் ஒரு நாள் கூடிவிடுகிறது. இலக்கியத்தில் யாரும் கவனிக்கப்போவதில்லை. இங்கே கவனித்தாக வேண்டும்.

நம் ஊரில் 'நாற்பத்தைந்தாம் நாள் ஊசி' என்றும் 'ஒன்றரை மாத ஊசி' என்றும் சொல்கிறோம். அட்டவணையில் இருப்பது ஆறு வாரம், அதாவது 42 நாள். அடுத்தவை 10 வாரம், 14 வாரம். நம் வாயில் இரண்டரை மாதம், மூன்றரை மாதம். இந்த வழக்கு மூன்று முதல் ஏழு நாள் வரை பிந்துகிறது. முந்தவில்லை என்பதால் பெரிய கேடில்லை. செவிலியரும் தாயும் பேசிக்கொள்ள இது நல்ல சொல்லே. ஆனால் மொழிபெயர்ப்பில் இதை எழுதினால், நாளை வேறொருவர் அதிலிருந்து இன்னொரு மொழிக்குப் போகும்போது ஆறு வாரம் காணாமல் போயிருக்கும். வாரம் வாரமாகவே இருக்கட்டும், மாதம் மாதமாகவே இருக்கட்டும் என்பதே நான் வந்து சேர்ந்த முடிவு. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் உரிமை எனக்கில்லை.

*

இனி என் பிழை. சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

குழந்தை பிறந்தது 14 மார்ச் 2023. பிரான்சில் ஆறு நோய்களுக்கு ஒரே ஊசி போடுகிறார்கள்: தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, கக்குவான் இருமல், இளம்பிள்ளை வாதம், ஹிப் கிருமித் தொற்று, மஞ்சள் காமாலை பி. அட்டவணைப்படி 2, 4, 11 மாதங்களில். குறிப்பேட்டில் கையால் எழுதியிருந்த நாள்கள்: 16 மே 2023, 18 ஜூலை 2023, 20 பிப்ரவரி 2024. மூன்றாவதற்கு எதிரே 'ரப்பெல்' என்று இருந்தது. நினைவூட்டல் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். மருத்துவத்தில் ஊக்கத் தவணை, ஆங்கிலத்தில் பூஸ்டர். அகராதியும் அதையே சொல்கிறது. நானும் தயக்கமின்றி முதல் தவணை, இரண்டாம் தவணை, பூஸ்டர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நம்முடைய அட்டையில் கட்டங்கள் வேறு. இங்கே ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை. பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் டிபிடி ஊசி. அதற்குப் பெயர் பூஸ்டர். பிரான்சில் அடிப்படைத் தவணை இரண்டு, அதன் பின் ஒன்று. இந்தியாவில் அடிப்படை மூன்று, அதன் பின் ஒன்று. இரு நாட்டிலும் 'பூஸ்டர்' என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு படிகளைக் குறிக்கிறது.

சுகாதார நிலையச் செவிலியர் என் தமிழ்ப் பிரதியை வைத்துக்கொண்டு கட்டங்களை நிரப்பினார். முதல் தவணை, சரி. இரண்டாம் தவணை, சரி. மூன்றாம் தவணை, காணோம். பூஸ்டர், போட்டாயிற்று. அதாவது, போட்ட ஒன்று விடுபட்டதாகவும், போடாத ஒன்று போட்டதாகவும் ஆகிவிட்டது. இத்தனைக்கும் நான் ஒரு சொல்லைக்கூடத் தவறாக மொழிபெயர்க்கவில்லை.

பிழையைக் கண்டுபிடித்தவரும் அவரே. பூஸ்டர் கட்டத்தில் நாளை எழுதப்போனவர் நிறுத்தி, "சார், இந்தத் தேதிக்கு பாப்பாவுக்குப் பதினோரு மாசம்தானே ஆவுது? பதினோரு மாசத்துல ஏது பூஸ்டர்?" என்று அம்மையாரின் கைபேசியிலேயே என்னைக் கேட்டார். சொல் ஏமாற்றிய இடத்தில் நாள் காப்பாற்றியது. பிரதியில் நான் நாளை விட்டுவிட்டு 'இரண்டு மாதத்தில், நான்கு மாதத்தில்' என்று மட்டும் எழுதியிருந்தால் அவருக்கு அந்தச் சந்தேகமே எழுந்திராது.

மறுநாள் எழுதிய வரி இது: 'ஆறு நோய்த் தடுப்பூசி, 3ஆம் தவணை. போட்ட நாள் 20 பிப்ரவரி 2024. அன்று வயது 11 மாதம் 6 நாள். மூலத்தில் இதற்கு ஊக்கத் தவணை என்று பெயர்.' எண்ணிக்கை முன்னே, நாள் நடுவே, மூலத்தின் பெயர் கடைசியில். மருத்துவ அலுவலர் மூன்றையும் அடிப்படைத் தவணைகளாகக் கணக்கிட்டு, டிபிடி பூஸ்டரை அப்போது போடச் சொன்னார். அது அவர் முடிவு. எதை எதற்கு ஈடாகக் கொள்வது என்பது மொழிபெயர்ப்பாளன் வேலையில்லை. நான் 'பூஸ்டர்' என்று எழுதியபோது அறியாமலே அந்த முடிவை எடுத்துவிட்டேன் என்பதுதான் என் குற்றம்.

'தவணை' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் 'டோஸ்' என்பது எத்தனையாவது முறை என்பதையும் குறிக்கிறது, எவ்வளவு மருந்து என்பதையும் குறிக்கிறது. தமிழில் தவணை வேறு, அளவு வேறு. போலியோ சொட்டு மருந்து ஒரு தவணைக்கு 2 சொட்டு. இரண்டு டோஸ் என்றால் இரண்டு முறையா, இரண்டு சொட்டா என்ற ஐயம் தமிழில் எழ வேண்டியதில்லை. நம் மொழி மூலத்தைவிடத் தெளிவாக இருக்கும் அபூர்வமான இடம் இது, அதை நழுவவிடக் கூடாது. அளவை எழுதும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை வேண்டும். பிரெஞ்சில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. அரை மில்லியை 0,5 என்று எழுதுவார்கள். தட்டச்சில் அந்தக் காற்புள்ளி விழுந்துவிட்டால் அரை ஐந்தாகிவிடும், பத்து மடங்கு. ஆகவே 0.5 என்று முன்னால் சுழியத்தோடு எழுத வேண்டும், பின்னால் வீண் சுழியம் சேர்க்கக் கூடாது. நாள்களில் மாதத்தை எழுத்தால் எழுத வேண்டும். 03/04 என்பது நமக்கு ஏப்ரல் மூன்று. அமெரிக்க முறையில் படிப்பவருக்கு மார்ச் நான்கு.

*

நோய்ப் பெயர்கள் தனிக் கதை. பன்னிரண்டு மாதத்திலும் பதினாறு மாதத்திலும் குழந்தைக்குப் போட்டிருந்த ஊசியின் பெயர் 'ஆர் ஓ ஆர்': ரூஜோல், ஓரெய்யோன், ருபேயோல். முதலாவது தட்டம்மை, இரண்டாவது பொன்னுக்கு வீங்கி, மூன்றாவது ருபெல்லா. ஆங்கிலப் பிரதியில் மூன்றாவது சொல்லைப் பார்த்ததும் கை தானாக 'ருபியோலா' என்று எழுதப்போகும். ஒலி அவ்வளவு ஒத்திருக்கிறது. ஆனால் ஆங்கில மருத்துவ வழக்கில் ருபியோலா என்பது தட்டம்மை! எழுதியிருந்தால் தட்டம்மை இரண்டு முறை வந்து ருபெல்லா மறைந்திருக்கும்.

தமிழுக்குள்ளேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. பாரிஸின் லா ஷப்பெல் பகுதிக்குப் போனவர்கள் அறிவார்கள், அங்கே தமிழ் என்றால் பெரும்பாலும் ஈழத்தமிழ். அவர்களுக்குத் தட்டம்மை 'சின்னமுத்து', பொன்னுக்கு வீங்கி 'கூகைக்கட்டு'. நம் பக்கத்தில் 'சின்னம்மை' என்பது வேறு நோய், கொப்புளம் கொப்புளமாக வருவது. சின்னமுத்து என்று எழுதிய ஒரு தாளை நம் ஊர்ச் செவிலியர் சின்னம்மை என்று படித்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? எது நல்ல தமிழ் என்ற விவாதத்துக்கு இங்கே இடமில்லை. இரண்டும் நல்ல தமிழே. அதனால்தான் பெயருக்கு அருகே ஊசியின் வணிகப் பெயரையும் ஒட்டுத்தாளில் உள்ள தொகுதி எண்ணையும் மூலத்தில் உள்ள எழுத்திலேயே, ஓர் எழுத்தும் மாற்றாமல் படியெடுக்க வேண்டும். தமிழ்ப்படுத்தும் ஆசை அந்த இரண்டின் வாசலில் நின்றுவிட வேண்டும்.

*

கடைசியாக வளர்ச்சி வரைபடம். அதில் முதல் சொல் 'தாய்'. நம் தாயல்ல, பிரெஞ்சில் அது உடலின் உயரத்தைக் குறிக்கும் சொல். சட்டையின் அளவுக்கும் இடுப்புக்கும் அதே சொல்தான். இரண்டு வயதுக்குள் குழந்தையைப் படுக்கவைத்து அளக்கிறார்கள், அது நீளம். பிறகு நிற்கவைத்து அளக்கிறார்கள், அது உயரம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இரண்டுக்கும் சராசரியாக 0.7 செ.மீ. வேறுபாடு. படுத்தபோது கூடுதல், நின்றபோது குறைவு. பிரெஞ்சு ஒரே சொல்லால் கடந்துபோகும் இடத்தில் தமிழும் ஆங்கிலமும் இரண்டு சொல் வைத்திருக்கின்றன. வயதைப் பார்த்து உரிய சொல்லை இட வேண்டும். எப்படி அளந்தார்கள் என்று தெரியாதபோது மூலத்தில் உள்ளபடி என்று குறிக்க வேண்டும்.

வரைபடத்தில் 3, 25, 50, 75, 97 என்று எண்ணிட்ட வளைகோடுகள். பன்னிரண்டு மாதத்தில் குழந்தையின் எடை 8.2 கிலோ. புள்ளி 25ஆம் கோட்டை ஒட்டி இருந்தது. என் முதல் வரைவில் '25 சதவீதம்' என்று இருந்தது. அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, "நூத்துக்கு இருபத்தஞ்சுதானா? பாஸ் மார்க்குகூட இல்லையே, என் பொண்ணு புள்ளைக்குச் சோறு போடலையா?" என்று கண் கலங்கினார். அது விழுக்காடு அல்ல, நூற்றுமானம். அந்தச் சொல் பாடநூலில் இருக்கிறது, பாட்டிகளிடம் இல்லை. எனவே சொல்லை விட்டு வாக்கியமாக எழுதினேன்: 'இதே வயதுப் பெண் குழந்தைகள் நூறு பேரை எடை வரிசையில் நிறுத்தினால், ஏறக்குறைய இருபத்தைந்து பேர் இவளைவிட எடை குறைவாக இருப்பார்கள்.' மொழிபெயர்ப்பு மூன்று மடங்கு நீண்டது. பாட்டி சமாதானமானார்.

ஆனால் கோடுகளை ஒரு நாட்டு அட்டையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. பிரான்சு 2018இலிருந்து தன் நாட்டுக் குழந்தைகளை அளந்து வரைந்த கோடுகளைப் பயன்படுத்துகிறது. நம் அட்டை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட தரத்தைப் பின்பற்றுகிறது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் குழந்தைகளைக் கொண்டு வரைந்தது அது. அங்கே நூற்றுமானம், இங்கே நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகல் என்ற கணக்கும் அதற்கேற்ற நிறப் பட்டைகளும். பன்னிரண்டு மாதப் பெண் குழந்தைக்கு நம் அட்டையில் நடுக்கோடு 8.9 கிலோ, எடைக்குறைவு என்று கொள்ளும் எல்லை 7.0 கிலோ. 8.2 இரண்டுக்கும் நடுவே, பச்சைப் பட்டையில் விழுகிறது. அங்கே எந்தக் கோட்டில் இருந்தாள் என்பது இங்கே செல்லாது. செல்வது கிலோவும் சென்டிமீட்டரும் அளந்த நாளும் மட்டுமே. அவற்றைக் கொடுத்துவிட்டால் செவிலியர் புள்ளியைப் புதிதாக வைத்துக்கொள்வார்.

*

ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது: காசநோய்த் தடுப்பூசி. பிரான்சில் அதை எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயமாகப் போடும் விதி 2007இல் நிறுத்திவைக்கப்பட்டது. இங்கே பிறந்தவுடன் போட்டுவிடுகிறோம். வெற்றுக் கட்டத்தை எப்படி மொழிபெயர்ப்பது? 'போடவில்லை' என்று எழுதியிருந்தேன். பிறகு அடித்துவிட்டு 'பதிவு இல்லை' என்று எழுதினேன். போடவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? காகிதம் மௌனமாக இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியும். செவிலியர் 'பதிவு இல்லை' என்பதைப் படித்துவிட்டுக் குழந்தையின் இடது கையைத் தூக்கித் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார். 'போடவில்லை' என்று எழுதியிருந்தால் பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை.

மூலத்தின் அச்சிட்ட அட்டவணைக்கும் ஆண்டு உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். இந்தக் குழந்தைக்குப் பிரான்சில் மெனிஞ்சோகாக்கஸ் சி ஊசி 5, 12 மாதங்களில் போட்டிருந்தார்கள். 2025 ஜனவரியிலிருந்து அங்கே அந்த இடத்தில் நான்கு வகைக்கான ஊசி, கூடவே பி வகைக்கானதும் கட்டாயம். புதிய குறிப்பேட்டைப் பார்த்துப் பழையதைத் 'திருத்தி' மொழிபெயர்த்தால் போடாத ஊசிகள் முளைத்துவிடும். எந்தப் பதிப்பிலிருந்து பெயர்த்தது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

என்னுடைய கட்சி இதுதான். தமிழில் எழுதியதுபோலவே இருக்க வேண்டும் என்ற அளவுகோல் கதைக்குச் சரி. இங்கே, தாளைக் கையில் வாங்குகிறவர் இது வேறொரு நாட்டின் கணக்கு என்பதை ஒவ்வொரு வரியிலும் உணர வேண்டும். அப்போதுதான் நின்று கேள்வி கேட்பார். என் முதல் பிரதி மிகச் சரளமாக இருந்தது. அதன் சரளத்தால்தான் ஒரு குழந்தையின் தவணை ஒன்று தொலையப் பார்த்தது. இரண்டாவது பிரதி தட்டுத்தடுமாறிப் படிக்க வேண்டியது. 'மூலத்தில் இவ்வாறு', 'அன்று வயது இவ்வளவு' என்று வரிக்கு வரி இடறும். அதை அம்மையார் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசிப் பானைக்கு மேலே சாமி படத்தின் பின்னால் செருகி வைத்திருக்கிறார். நான் மொழிபெயர்த்த குறுநாவலும் அந்த வீட்டில் ஒரு பிரதி இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.